முதல் கேள்விக்குப் போட்ட மார்க் ஐந்தாம் கேள்வியிலும் ஏறுகிறதா? விடைத்தாள் திருத்தமும் நேர்காணலும்

செவ்வந்தி

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு அறிவியல், 42 விடைத்தாள்கள். ஒரு மதிப்பெண் கேள்வி பத்து, ஐந்து மதிப்பெண் கேள்வி ஐந்து. எங்கள் பள்ளியில் எல்லோரும் செய்வது போல ஒரு தாளை எடுத்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை திருத்தி, மொத்தம் போட்டு, அடுத்த தாளுக்குப் போகிறேன்.

முதல் ஐந்து மதிப்பெண் கேள்வியை ஒரு பிள்ளை நன்றாக எழுதியிருந்தால் அடுத்ததில் கை தாராளமாகிறது, முதலிலேயே சொதப்பியிருந்தால் பிறகு எழுதிய சரியான வரியையும் சந்தேகத்தோடு படிக்கிறோம் என்று தோன்றுகிறது. இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர் இருப்பது தெரியும். எனக்கு வேண்டியது இரண்டு. இது என் திருத்தத்தில் நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நடந்தால் என்ன மாற்ற வேண்டும்?

இன்னொன்று. பள்ளி அலுவலகத்துக்குக் கணக்கு உதவியாளர் எடுக்கும் குழுவில் அடுத்த மாதம் நானும் உட்கார வேண்டும். அங்கேயும் இதே பயம்தான்.

நடராஜன்_மனிதவளம்

இதை ரொம்பச் சிக்கலாக்க வேண்டாம் மேடம். பெயரை மறைத்துவிடுங்கள், போதும். பொதுத்தேர்வில் முகப்புத் தாளைக் கிழித்துவிட்டு எண்ணை மட்டும் வைத்துத்தானே திருத்தக் கொடுக்கிறார்கள்? யார் தாள் என்றே தெரியாவிட்டால் எந்த அபிப்பிராயமும் வராது. நேர்காணலில் மூன்று பேர் உட்காருங்கள். ஒருவர் கூட்டிப் போட்டால் இன்னொருவர் குறைத்துப் போடுவார், சராசரி எடுத்தால் சரியாகிவிடும்.

அளவுகோல்

நடராஜன் சார், பெயரை மறைப்பது நல்லதுதான், ஆனால் பாதி வேலைதான். பையன் யார், போன தேர்வில் என்ன வாங்கினான், யாருடைய மகன் என்பதெல்லாம் வெளியிலிருந்து வரும் அபிப்பிராயம். அது பெயரை மறைத்தால் நிற்கும். செவ்வந்தி மேடம் கேட்பது தாளுக்குள்ளேயே பிறக்கும் அபிப்பிராயத்தை. எண் மட்டும் இருக்கும் தாளிலும் முதல் விடை முதல் விடைதான். அதைப் படித்த கண்ணோடுதான் இரண்டாவதைப் படிக்கிறோம்.

எங்கே கசிகிறது என்பதை ஒரே ஒரு விடையில் காட்டுகிறேன். கேள்வி: கடல் காற்று எப்படி உருவாகிறது? விடைக்குறிப்பு இப்படி என்று வையுங்கள். நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும் என்றதற்கு 1. அதற்குக் காரணம் நீரின் தன்வெப்பம் அதிகம் என்றதற்கு 1. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலெழும், அங்கே அழுத்தம் குறையும் என்றதற்கு 1. கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று நிலத்தை நோக்கி வரும் என்றதற்கு 1. அம்புக்குறி சரியாக உள்ள படத்துக்கு 1.

ஒரு தாளில் படம் இல்லை, எழுதியிருப்பது இவ்வளவுதான்: "பகலில் நிலம் சூடாவதால் கடலில் இருந்து காற்று வீசுகிறது."

குறிப்பை வைத்துப் பார்த்தால் நாலாவது புள்ளி மட்டும் தேறும். 1 மார்க். ஆனால் இந்தத் தாளின் முதல் விடை அருமையாக இருந்திருந்தால் நம் மனம் என்ன சொல்லும்? "இவளுக்குத் தெரியும், அவசரத்தில் சுருக்கிவிட்டாள்." 2 அல்லது 3 விழும். முதல் விடை மோசமாக இருந்திருந்தால்? "எங்கேயோ கேட்டதை எழுதியிருக்கிறான்." 1 போடவே யோசிப்போம். எழுத்து ஒன்றுதான். எழுதாமல் விட்ட இடத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அதனால்தான் இது முழு விடையிலும் வெற்றுத் தாளிலும் அவ்வளவாகத் தெரியாது. அரைகுறையாகப் புரியும்படி எழுதிய விடையில்தான் விளையாடும். 1974-இல் லாண்டி, சிகால் என்ற இருவர் ஒரே கட்டுரையை அழகான பெண்ணின் புகைப்படத்தோடு சிலருக்கும், அழகு குறைந்தவர் என்று கருதப்பட்ட பெண்ணின் படத்தோடு சிலருக்கும் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். நன்றாக எழுதிய கட்டுரையைவிட மோசமாக எழுதிய கட்டுரையில்தான் படத்தால் வந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது.

ஆவுடையப்பன்

நீண்ட காலம் திருத்தம் செய்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாததா? தெரிந்துகொண்டு கவனமாக இருந்தால் வராது. அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே.

அளவுகோல்

ஐயா, கவனத்தால் தடுக்க முடியாது என்பதுதான் இதில் கஷ்டமான விஷயம். 1977-இல் நிஸ்பெட், வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பெல்ஜிய உச்சரிப்பில் ஆங்கிலம் பேசும் ஒரே பேராசிரியர். ஒரு காணொளியில் அன்பாகப் பேசுகிறார், இன்னொன்றில் கடுகடுப்பாக. அவருடைய தோற்றம், உடல்மொழி, உச்சரிப்பு மூன்றுக்கும் மாணவர்கள் மதிப்பிட வேண்டும். ஆள் அதே ஆள், உச்சரிப்பும் அதே உச்சரிப்பு. அன்பான காணொளியைப் பார்த்தவர்களுக்கு உச்சரிப்பு பிடித்திருந்தது, கடுகடுப்பைப் பார்த்தவர்களுக்கு எரிச்சலாக இருந்தது.

அதைவிட முக்கியமானது பிறகு கேட்ட கேள்வி. "அவரைப் பிடித்ததோ பிடிக்காததோ உங்கள் மதிப்பீட்டைப் பாதித்ததா?" இல்லவே இல்லை என்றார்கள். கடுகடுப்பைப் பார்த்தவர்களில் பலர் தலைகீழாக, அந்த உச்சரிப்பும் தோற்றமும்தான் அவரைப் பிடிக்காமல் போகச் செய்தன என்றார்கள். உள்ளே நடப்பது நமக்குத் தெரிவதில்லை. தெரியாததில் கவனமாக இருப்பது எப்படி? வேலை செய்யும் வரிசையைத்தான் மாற்ற முடியும்.

பூங்கோதை

நான் கேட்பதும் இதுதானா என்று தெரியவில்லை. என் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். கையெழுத்து சுமார்தான். அரையாண்டில் அவள் தோழி எழுதிய அதே விடைக்கு 5, இவளுக்கு 3. மறுமதிப்பீடு கேட்கலாமா? பொதுத்தேர்விலும் இப்படித்தான் ஆகுமா?

அளவுகோல்

பூங்கோதை அம்மா, நீங்கள் சொல்வது இதற்குப் பக்கத்து வீடு. கையெழுத்தும் முதல் பார்வையிலேயே அபிப்பிராயத்தை உண்டாக்கும், அது உண்மை. ஆனால் படிக்கவே முடியாமல் ஒரு சொல்லைத் திருத்துபவர் தவறவிடுவது வேறு, படித்த பிறகும் குறைத்துப் போடுவது வேறு. முதலாவதற்கு உங்கள் மகள் செய்யக்கூடியது இருக்கிறது: ஒரு கருத்துக்கு ஒரு வரி, முக்கியச் சொல்லின் கீழ் கோடு, கேள்வி எண் தெளிவாக. இரண்டாவதற்கு, பள்ளித் தேர்வென்றால் அந்த ஆசிரியரிடமே இரண்டு தாளையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்து எந்தப் புள்ளிக்கு 2 போயிற்று என்று கேளுங்கள். "ஏன் குறைத்தீர்கள்" என்று கேட்காமல் "எந்தப் புள்ளி" என்று கேளுங்கள், பதில் கிடைக்கும். பொதுத்தேர்வில் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்துவிட்டு மறுமதிப்பீட்டுக்குப் போகும் வழி இருக்கிறது.

செவ்வந்தி

சரி, வரிசையை மாற்றுவது என்றால் எல்லாத் தாளிலும் முதல் கேள்வி, பிறகு எல்லாத் தாளிலும் இரண்டாவது, அப்படித்தானே? செய்து பார்க்கலாம் என்றால் பிள்ளைகள் வரிசையாக எழுதுவதில்லை. 14-ஆவது கேள்வி மூன்றாம் பக்கத்தில் பாதி, ஏழாம் பக்கத்தில் மீதி. 42 தாளையும் ஐந்து முறை புரட்டினால் விடிந்துவிடும்.

அளவுகோல்

அதேதான். நடைமுறையில் இப்படிச் செய்யலாம்.

ஒரு மதிப்பெண் கேள்விகளைக் கடைசியில் திருத்துங்கள். அதில் அபிப்பிராயத்துக்கு வேலையே இல்லை, (அ) என்றால் (அ). ஆனால் அது தாளின் தொடக்கத்தில் இருப்பதால் பத்துக்கு 9 என்று பார்த்துவிட்டுத்தான் ஐந்து மதிப்பெண் விடைக்குள் போகிறோம். முதல் ஒளிவட்டத்தை அதுவே போட்டுவிடுகிறது. கடைசிக்குத் தள்ளினால் செலவில்லாமல் பெரிய கசிவு அடைபடும்.

ஐந்து மதிப்பெண் கேள்விகளை மட்டும் கேள்விவாரியாகத் திருத்துங்கள். அடுத்த தேர்விலிருந்து ஒவ்வொரு ஐந்து மதிப்பெண் விடையையும் புதுப் பக்கத்தில் தொடங்கச் சொல்லிவிடுங்கள். இந்தத் தேர்வுக்கு, திருத்தும் முன் ஒருமுறை புரட்டி அந்தந்த விடை தொடங்கும் பக்க எண்ணைப் பென்சிலில் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். விடையைப் படிக்க வேண்டாம், எண்ணை மட்டும் தேடுங்கள். பிறகு புரட்டும் நேரம் பெரிதாக இருக்காது. ஒரே விடைக்குறிப்பு மனதில் நிற்பதால் இரண்டாவது கேள்விக்கு வரும்போது வேகமே கூடிவிடும்.

மார்க்கை விடையின் ஓரத்தில் போடாதீர்கள். தனித்தாளில் வரிசை எண்ணுக்கு எதிரே எழுதுங்கள். முதல் கேள்விக்குச் சிவப்பில் 5 என்று போட்டுவிட்டால் இரண்டாவது சுற்றில் பக்கத்தைத் திருப்பும்போது அது கண்ணில் படும், செய்த வேலை வீண்.

ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டைக் கலைத்துப் போடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கேள்விவாரியாகத் திருத்தும்போது இன்னொரு கோளாறு வரும். பிரமாதமான விடைக்கு அடுத்து வரும் சுமாரான விடை மோசமாகத் தெரியும். கட்டின் வரிசை மாறாவிட்டால் வகுப்பின் முதல் மாணவிக்குப் பின்னால் இருக்கும் பிள்ளை ஐந்து கேள்வியிலும் அடி வாங்கும். கலைத்தால் அந்த அடி ஒரே ஆள் மேல் விழாமல் பரவும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முதலில் திருத்திய ஐந்து தாளை மறுபடி பாருங்கள். தொடங்கும்போது இருந்த கறாரும் முடிக்கும்போது இருக்கும் கறாரும் ஒன்றாக இருக்காது.

ஆவுடையப்பன்

செய்முறை சரி. ஆனால் அடிப்படையில் ஒரு சந்தேகம். நன்றாகப் படிக்கும் பிள்ளை எல்லாக் கேள்வியையும் நன்றாகத்தான் எழுதும். முதல் கேள்வி மார்க்கும் ஐந்தாம் கேள்வி மார்க்கும் ஒத்துப்போவதைப் பார்த்து "ஒளிவட்டம்" என்று சொன்னால் திறமையையே குற்றம் என்று சொன்னதாகாதா?

அளவுகோல்

மிகச் சரியான கேள்வி ஐயா. இந்தத் துறையில் இன்றும் இதைத்தான் வாதிடுகிறார்கள். 1920-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுத்த மதிப்பீடுகளைப் பார்த்தபோது, உடற்கட்டுக்கும் அறிவுக்கும் ஒட்டுறவு, அதாவது இரண்டு மதிப்பீடும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, 0.31, தலைமைப் பண்புக்கு 0.39, குணத்துக்கு 0.28 என்று வந்தது. உடற்கட்டுக்கும் குணத்துக்கும் அவ்வளவு தொடர்பு இருக்க முடியாது, மொத்த அபிப்பிராயம் ஒவ்வொரு கட்டத்திலும் வழிந்திருக்கிறது என்பது அவர் வாதம். அங்கே சொல்வது எளிது. ஒரே பாடத்தின் இரண்டு கேள்விகளில் உண்மையான தொடர்பு எவ்வளவு, ஒளிவட்டம் எவ்வளவு என்று மார்க்கை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

அதனால் செவ்வந்தி மேடத்தின் முதல் கேள்விக்கு ஒட்டுறவைக் கணக்கிட்டுப் பயனில்லை. மறுதிருத்தம்தான் வழி. பழைய முறையில் திருத்திய கட்டிலிருந்து பத்துத் தாள் எடுங்கள். முதல் கேள்வியில் 4, 5 வாங்கிய ஐந்து, 2-க்குக் கீழே வாங்கிய ஐந்து. நாலாவது கேள்வியின் விடையை மட்டும் நகல் எடுத்து, மார்க் தெரியாமல் மறைத்து, கலந்து, அதே விடைக்குறிப்போடு இன்னொரு அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.

ஒரு கணக்குக்கு இப்படி வந்தது என்று வையுங்கள். மேல் ஐந்து தாளுக்கும் நீங்கள் நாலாவது கேள்வியில் போட்டது மொத்தம் 20, அவர் போட்டது 17. கீழ் ஐந்துக்கு நீங்கள் 9, அவர் 11. உங்கள் திருத்தத்தில் இரு குழுவுக்கும் இடைவெளி 11, அவருடையதில் 6. அந்த 6 பிள்ளைகளின் உண்மையான வித்தியாசம் என்று கொள்ளலாம். மீதி 5 முதல் கேள்வி கொடுத்த பரிசும் தண்டனையும். அவர் பொதுவாகவே கறாரானவர் என்றால் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி குறையும், இடைவெளி மாறாது. ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆவுடையப்பன்

பத்துத் தாளில் ஒன்றிரண்டு மார்க் வித்தியாசம் தற்செயலாகவும் வரும்.

அளவுகோல்

வரும். ஒரு கேள்வியில் மட்டும் பார்த்தால் முடிவு கட்டாதீர்கள். மூன்றாவது, ஐந்தாவது கேள்வியிலும் அதே திசையில் வந்தால் நம்பலாம். நகலில் கையெழுத்து தெரியும் என்பதும் ஒரு குறைதான். அதை முழுதாக நீக்க வேண்டுமென்றால் தட்டச்சு செய்ய வேண்டும், பள்ளியில் அதற்கு யாருக்கும் நேரமில்லை.

நடராஜன்_மனிதவளம்

விடைத்தாள் புரிந்தது. நேர்காணலில் மூன்று பேர் என்று நான் சொன்னதில் என்ன தப்பு?

அளவுகோல்

மூன்று பேரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் அதே புன்னகையையும் அதே சரளமான ஆங்கிலத்தையும் பார்க்கிறார்கள் சார். மூவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் சராசரியும் அந்தப் பக்கம்தான் சாயும். தவறுகள் ஒன்றையொன்று அடிக்க வேண்டுமென்றால் அவை வேறு வேறு திசையில் இருக்க வேண்டும். அதோடு மூத்தவர் முதலில் "நல்ல பையன்" என்று சொல்லிவிட்டால் மீதி இருவரின் தாளில் பேனா நகர்ந்துவிடும். அப்போது மூன்று மதிப்பீடு இருக்காது, ஒன்றுதான் மூன்று முறை எழுதப்பட்டிருக்கும்.

மாதங்கி_தேர்வர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நேர்காணலுக்கே மார்க் குறைவாக வைத்துவிட்டால் போதாதா? குடிமைப் பணித் தேர்வில் எழுத்துக்கு 1750, ஆளுமைத் தேர்வுக்கு 275தான்.

நடராஜன்_மனிதவளம்

அதற்கு ஒரு தீர்ப்பே இருக்கிறது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 என்று வைத்துச் சேர்க்கை நடந்தது. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடம்தான் பேசினார்கள் என்பது புகார். அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றில் ஒரு பங்கு மிக அதிகம், 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது.

அளவுகோல்

நல்ல எடுத்துக்காட்டு. பங்கைக் குறைத்தால் சேதம் குறையும், சாய்வு குறையாது. மாதங்கி சொன்ன 275-இலேயே முப்பது நாற்பது மார்க் வித்தியாசம் தரவரிசையைப் புரட்டிவிடும். அதனால் நேர்காணலின் உள்ளேயும் வேலை இருக்கிறது.

விடைத்தாளில் கேள்விவாரியாகத் திருத்துவது எதுவோ, அதை நேர்காணலில் முதலில் செய்தவர்களில் ஒருவர் உளவியலாளர் டேனியல் கானமன். 1955-இல் இஸ்ரேல் ராணுவத்துக்கு. அதுவரை பதினைந்து இருபது நிமிடம் பேசி, "ஆள் எப்படி" என்று மொத்தமாக ஒரு முடிவு எழுதினார்கள், அது பிறகு ஆள் எப்படி வேலை செய்தார் என்பதோடு ஒத்துப்போகவில்லை. இவர் ஆறு பண்புகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைப் பற்றிய கேள்விகளை வைத்து, ஒரு பண்பை முடித்து 1 முதல் 5 வரை மார்க் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்றார். நேர்காணல் எடுப்பவர்கள் எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று கோபப்பட்டார்கள். எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடி, இவரைச் சிப்பாயாக நினைத்துப் பார்த்து ஒரு மார்க் போடுங்கள் என்று அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஆறின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட நன்றாக வேலை செய்தது. கடைசியில் கண்ணை மூடிப் போட்ட மார்க்கும் அதற்குச் சமமாக நின்றது. உள்ளுணர்வு உதவாது என்று இதற்கு அர்த்தமில்லை. முதலில் வந்தால் கெடுக்கும், கடைசியில் வந்தால் உதவும்.

செவ்வந்தி

கணக்கு உதவியாளருக்கு இதை எப்படிப் பொருத்துவது? ஒரு கேள்வியை வைத்துக் காட்ட முடியுமா?

அளவுகோல்

ஐந்தாறு கேள்வி போதும், எல்லோருக்கும் அதே கேள்வி, அதே வரிசை. ஒன்று இப்படி: "ரொக்கப் புத்தகத்தில் இருப்பதைவிடப் பெட்டியில் 4,500 ரூபாய் குறைகிறது. எப்படித் தேடுவீர்கள்?"

எந்தப் பதிலுக்கு எவ்வளவு என்று முன்பே எழுதிவையுங்கள். "மறுபடி கூட்டிப் பார்ப்பேன்" என்பதோடு நின்றால் 1. தொடக்க இருப்பைச் சரிபார்த்து, ஒவ்வொரு பதிவையும் ரசீதோடும் வவுச்சரோடும் ஒப்பிட்டு, பதியாமல் விட்ட செலவு உண்டா என்று தேடுவேன் என்றால் 3. அதோடு அந்தத் தொகையையே ஆராய்ந்தால் 5. 4,500 ஒன்பதால் வகுபடுகிறது, அதனால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 6,100 செலவை 1,600 என்று எழுதியிருந்தால் சரியாக 4,500 வரும். பாதியைப் பார்த்தால் 2,250, அந்தத் தொகைக்கான செலவை வரவுப் பக்கம் எழுதியிருந்தாலும் இதே வித்தியாசம் வரும்.

இப்போது தடுமாறிப் பேசும் ஒருவர் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பேன் என்றால் அவருக்கு 5 போட்டே ஆக வேண்டும். கம்பீரமாகப் பேசி "நான் ரொம்ப நுணுக்கமானவன்" என்பவருக்கு 1தான். பதில் முடிந்த உடனே, அடுத்த கேள்விக்கு முன், மூவரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக எழுதுங்கள். எல்லா விண்ணப்பதாரரும் போன பிறகு முதலில் தாள்களைச் சேர்த்துவிட்டு அதன் பிறகே விவாதம், மூத்தவர் கடைசியில் பேசட்டும். இரண்டுக்கு மேல் வித்தியாசம் உள்ள கட்டத்தை மட்டும் பேசினால் போதும். ஊர், குடும்பம், பயணம் என்று தொடக்கத்தில் பேசுவதை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அதைப் பேசுபவர் மார்க் போடாதவராக இருந்தால் நல்லது. அந்த இரண்டு நிமிடத்தில்தான் பாதி முடிவு நடந்துவிடுகிறது.

நடராஜன்_மனிதவளம்

ஒத்துக்கொள்கிறேன், மூத்தவர் கடைசியில் பேசுவது எங்களிடம் இல்லை. ஆனால் ஒரே மாதிரிக் கேள்வியை வாசித்தால் வருகிறவர்கள் விறைத்துப் போகிறார்கள். துணைக்கேள்வி கேட்காமல் ஆளை எப்படிப் புரிந்துகொள்வது? இதில் நீங்கள் சொல்வது எனக்கு முழுதாக ஒப்பவில்லை.

அளவுகோல்

துணைக்கேள்வி கேளுங்கள், ஆனால் அதையும் எழுதிவையுங்கள்: "வேறு ஏதாவது பார்ப்பீர்களா?" எல்லோருக்கும் ஒருமுறை. பிடித்தவருக்கு மூன்று முறை தூண்டில் போட்டு விடையை வெளியே இழுப்பதும், பிடிக்காதவரிடம் "சரி, அடுத்தது" என்பதும்தான் ஆபத்து. விறைப்பு இருக்கும், அதை மறுக்கவில்லை.

ஆவுடையப்பன்

பொதுத்தேர்வின் அகமதிப்பீட்டு 10 மார்க்கை விட்டுவிட்டீர்கள். அங்கே பிள்ளையைத் தெரியாமல் போட வழியே இல்லை.

அளவுகோல்

அதற்கு என்னிடம் முழு விடை இல்லை ஐயா. வருகைப்பதிவு போல எண்ணிப் போடக்கூடிய பகுதியில் பிரச்சினை இல்லை. செயல்திட்டத்தை அடுத்த பிரிவு ஆசிரியரோடு கட்டு மாற்றித் திருத்தலாம். 2013-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் செய்த சோதனையில், ஒரு மாணவர் நன்றாக வாய்மொழியாகப் பேசியதைப் பார்த்தவர்கள், அதோடு சம்பந்தமில்லாத அவருடைய எழுத்துப் பணிக்கும் அதிக மார்க் போட்டார்கள். அதனால் வகுப்பில் செயல்திட்டத்தை விளக்கச் சொல்லும் முன்பே எழுத்துப் பகுதியைத் திருத்தி முடித்துவிடுங்கள். மீதி அப்படியேதான் நிற்கிறது.

செவ்வந்தி

கட்டைக் கலைத்து கடல் காற்றுக் கேள்வியில் தொடங்கிவிட்டேன். பக்க எண் குறிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. எட்டாவது தாளில் ஒரு சிக்கல்: "நிலம் வேகமாகச் சூடாகும்" என்று மட்டும் இருக்கிறது, கடலைவிட என்று ஒப்பிடவில்லை. முதல் புள்ளிக்குக் கொடுப்பதா, அரை போடுவதா?

ஆவுடையப்பன்

"வேகமாக" என்றாலே ஒப்பீடுதான், முழுதாகக் கொடுங்கள் அம்மா.

அளவுகோல்

நான் அரைதான் போடுவேன். எதுவானாலும் விடைக்குறிப்பில் இப்போதே எழுதிவிட்டு, முதல் ஏழு தாளையும் அந்த வரிக்காக மட்டும் ஒருமுறை பாருங்கள்.